பதினேழு திருத்தம், ஒரே படம்

குன்னூரில் மழை விடாமல் பிடித்திருந்த ஒரு காலை. கோத்தகிரி அக்காவிடமிருந்து வாட்ஸப்பில் ஒன்பது குரல் பதிவுகள் வந்து கிடந்தன. சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கி, தன் பெயரில் கால் கிலோ பாக்கெட் போட்டு விற்கிறவர். பாக்கெட்டின் முகப்புக்கு ஒரு படம் தயாராக இருந்தது. அவருடைய அண்ணன் மகன் ஏதோ செயலியில் நாலு வரி எழுதி உருவாக்கிக் கொடுத்தது. "படம் ரொம்ப நல்லாருக்கு தம்பி, கொஞ்சம் கொஞ்சம் மாத்தினா போதும்" என்று ஆரம்பித்தார். ஒன்பது பதிவையும் கேட்டு, எழுதி, எண்ணினேன். பதினேழு மாற்றம்.

படம் பார்க்க அழகுதான். சரிவில் தேயிலைச் செடிகள், நடுநடுவே சில்வர் ஓக், முன்னால் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் தூரத்தில் மலை ரயில். ஆனால் நம் ஊர்க்காரர் கண்ணில் படும்போதுதான் ஒவ்வொன்றாக உறுத்துகிறது. பெண்ணின் தலையில் சீனப்படங்களில் வருவது போன்ற கூம்புத் தொப்பி. முதுகில் பிரம்புக் கூடை. நம் பக்கம் அது பையோ சாக்கோதான். கையில் ஆறு விரல். ஓரத்தில் ஒரு பலகை, அதில் எந்த மொழியிலும் சேராத எழுத்து. இரண்டு சில்வர் ஓக் மரங்கள் இடுப்பளவில் ஒட்டிப்போய், மேலே மறுபடி பிரிந்திருந்தன.

முதல் வேலையாக, படத்தை 'டாக்குமெண்ட்' ஆக மறுபடி அனுப்பச் சொன்னேன். வாட்ஸப்பில் சாதாரணப் படமாக வந்தால் அது அமுக்கப்பட்டு வரும். தேயிலை இலை போன்ற நுணுக்கமான இடங்களில் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். அதன் மேல் வேலை செய்தால், புதிதாக வைக்கும் துண்டு சுத்தமாகவும் சுற்றியுள்ளது அழுக்காகவும் இருந்து ஒட்டுப் போட்டது காட்டிக்கொடுத்துவிடும். மூலக்கோப்பு வந்தது: 1216 × 832 புள்ளிகள். என்ன வாக்கியம் கொடுத்து உருவாக்கினாய் என்று பையனைக் கேட்டால், அவனுக்கு நினைவில்லை. எனக்குக் கிடைத்தது தட்டையான ஒரு படம் மட்டும்.

தட்டையான என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அக்காவின் பதினேழும் அங்கேதான் சிக்குகின்றன. நான் வரைந்த படமென்றால் பெண் ஒரு லேயர், கூடை ஒரு லேயர், ரயில் ஒரு லேயர் என்று இருக்கும். கூடையை அணைத்தால் அதன் பின்னால் முதுகு இருக்கும். உருவாக்கிய படத்தில் கூடைக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. முதுகு என்று ஒன்று அங்கே வரையப்படவே இல்லை.

அப்படியானால் வாக்கியத்தை மாற்றி மறுபடி உருவாக்கினால் என்ன? இதைத்தான் எல்லா வாடிக்கையாளரும் கேட்கிறார்கள். அக்காவும் கேட்டார். வாயால் சொன்னால் புரியாது என்று, என் கணினியில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் உருவாக்கும் செயலியில் இதே மாதிரி ஒரு தோட்டக் காட்சியை உருவாக்கினேன். பிறகு, படம் எந்த இரைச்சலிலிருந்து தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் `Seed` எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, வாக்கியத்தில் 'சிவப்புச் சால்வை' என்பதை மட்டும் 'நீலச் சால்வை' ஆக்கினேன். சால்வை நீலமானது. கூடவே ஐந்து மரம் மூன்றானது, பின்னால் இருந்த மலை இடப்பக்கம் நகர்ந்தது, பெண்ணுக்கு இருபது வயது கூடியது. படம் வெறும் இரைச்சலிலிருந்து படிப்படியாகத் தெளிந்து வருகிறது. ஒவ்வொரு படியிலும் வாக்கியத்தின் எல்லாச் சொல்லும் படம் முழுவதையும் கொஞ்சம் இழுக்கும். சால்வைக்கு என்று தனிக் கயிறு இல்லை. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கோப்பாகச் சேமித்துக்கொண்டேன். பதிலோடு அனுப்பலாம்.

அன்று சாயங்காலம் ஒரு தப்புச் செய்தேன். பதில் எழுதுவதற்கு முன்னாலேயே ரயிலில் கை வைத்துவிட்டேன்.

ஏழாவது திருத்தம் அது. "தம்பி, நம்ம வண்டியில எஞ்சின் பின்னாடிதானே இருக்கும்? இதுல முன்னாடி இழுத்துட்டுப் போகுதே" என்றிருந்தார். அக்காவின் அம்மா வீடு பர்லியார் பக்கம், அதனால் கண் உடனே அங்கே போயிருக்கிறது. அவர் சொன்னது சரி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது நீராவி எஞ்சின் வண்டியின் கீழ்ப்பக்கம் நின்று மேலே தள்ளும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை வரும், அதில் பல்சக்கரம் கோத்துக்கொண்டு ஏறும். எஞ்சினுக்கு மேலே பெட்டிகள், கீழே ஒன்றும் இல்லை. எதுவும் கழன்று கீழே ஓடிவிடாமல் தாங்குவது அதுதான். 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இந்த ரயில் சேர்ந்ததிலிருந்து இதன் புகைப்படங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் படம் உருவாக்கும் செயலிக்கு 'மலை ரயில்' என்றால் எஞ்சின் முன்னால்தான்.

ரயில் படத்தில் 190 புள்ளி அகலம், 60 புள்ளி உயரம். அதை மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது அந்த இடம் மட்டும் மாறும்படி குறித்து, `Only masked` என்ற தேர்வை வைத்தேன். இந்தத் தேர்வு அந்தச் சின்னத் துண்டைப் பெரிதாக்கிக்கொண்டு அதற்குள் வரைந்து, பிறகு சுருக்கி இடத்தில் வைக்கும். சின்ன இடங்களுக்கு இதுதான் வழி. இல்லையென்றால் 60 புள்ளிக்குள் எஞ்சினை வரையச் சொல்வது அரிசியில் பெயர் எழுதச் சொல்வது மாதிரி. பன்னிரண்டு முறை ஓட்டினேன். ஒன்பது முறை எஞ்சின் முன்னாலேயே வந்தது. இரண்டு முறை இரண்டு பக்கமும் எஞ்சின். ஒரு முறை எஞ்சினே இல்லாத வெறும் பெட்டிகள். 'பின்னால்', 'தள்ளுகிறது' என்ற சொற்களைச் செயலி கேட்கிறது, ஆனால் அதற்குப் பழகிப்போன ரயில்களெல்லாம் எஞ்சின் முன்னால் போகிறவை. பழக்கம் சொல்லை ஜெயித்துவிடுகிறது.

கடைசியில் ரன்னிமேடு பக்கம் நான் ஒருமுறை எடுத்த புகைப்படத்திலிருந்து ரயிலை வெட்டி, சுருக்கி, சரிவுக்கு ஏற்பச் சாய்த்து வைத்தேன். மதியத்தில் எடுத்த படம், நிழல் வண்டிக்கு நேர் அடியில் விழுந்திருந்தது. இந்தப் படத்திலோ வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து தாழ்வாக வருகிறது. பெட்டிகளின் வலப்பக்கத்தைக் கருக்கி, நிழலைச் சரிவில் நீட்டி, அந்தத் துண்டின் மேல் மட்டும் `Denoising strength` 0.25 வைத்து ஒரு தடவை ஓட்டினேன். இந்த எண் 0 என்றால் இருப்பது அப்படியே இருக்கும், 1 என்றால் இருந்ததை முழுக்க மறந்து புதிதாக வரையும். 0.25இல் புகைப்படத் துண்டு சுற்றுப்புறத்தோடு கலந்து ஒட்டிக்கொண்டது. பேராசைப்பட்டு 0.45 வைத்துப் பார்த்தேன், புகைபோக்கி இடம் மாறி வேறு ஏதோ ஊர் எஞ்சினாகிவிட்டது. 0.25க்கே திரும்பினேன். மூன்று மணி நேரம் போயிருந்தது.

திருப்தியோடு எழுந்து, மீதிப் பட்டியலைப் படித்தேன். பன்னிரண்டாவது: "பின்னாடி ரங்கசாமி மலை தெரியணும்."

ரங்கசாமி மலை கோத்தகிரிக்குக் கிழக்கே. ரயிலோ கோத்தகிரிப் பக்கம் வருவதே இல்லை. இந்த இரண்டும் ஒரே படத்தில் இருந்தால் ஊர்க்காரர் யாரும் சிரிப்பார்கள், அதிலும் 'கோத்தகிரித் தேயிலை' என்று மேலே எழுதியிருக்கும்போது. ஏழும் பன்னிரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன என்பதைக் கவனிக்காமல் நான் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்கு அப்புறம்தான் ஒழுங்காக உட்கார்ந்து பதினேழையும் பிரித்தேன். பிரிக்கும்போது ஒன்று தெரிந்தது. அக்கா 'கொஞ்சம்' என்று சொன்னதெல்லாம் பெரிய வேலை, 'கஷ்டமா இருந்தா விட்டுருங்க தம்பி' என்று தயங்கிச் சொன்னதெல்லாம் பத்து நிமிட வேலை. "முகத்தைக் கொஞ்சம் நம்ம பக்கம் திருப்புங்க" என்பது ஆகாத காரியம். "சாயங்காலமா இருக்கு, காலையா மாத்த முடியுமா, முடியலைன்னா பரவால்ல" என்பது எளிது. காலையோ மாலையோ, சூரியன் தாழ்வாக இருக்கும், நிழல் நீளமாக விழும். படத்தில் இருக்கும் சரிவு உலகத்தில் எங்கும் இல்லாத சரிவு, அதற்குக் கிழக்கு மேற்கு தெரிந்தவர் யாருமில்லை. ஆரஞ்சு நிறத்தைக் குறைத்து, கொஞ்சம் பனி இறக்கினால் காலைதான். வாடிக்கையாளர் மாற்றத்தின் அளவைப் பார்க்கிறார். நான் பார்ப்பது, மாற்றத்துக்கு வேண்டியது படத்தில் ஏற்கெனவே இருக்கிறதா, அதை எத்தனை பொருள் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதை. இந்த வித்தியாசத்தை அவர் மனம் நோகாமல் சொல்வதுதான் பதிலின் வேலை.

படத்தின் மேல் பதினேழு இடத்திலும் வட்டம் போட்டு எண் எழுதினேன். உடனே ஆகும் இடம் பச்சை, துண்டாக வரைய வேண்டியது மஞ்சள், இந்தப் படத்தில் ஆகாதது சிவப்பு. 'முடியாது' என்ற சொல்லை முதல் வரைவில் ஆறு இடத்தில் எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று எழுதினேன். அனுப்பியது இதுதான்:

> வணக்கம் அக்கா.
>
> நீங்கள் அனுப்பிய ஒன்பது பதிவையும் இரண்டு தடவை கேட்டேன். நீங்கள் பார்த்த குறைகள் எல்லாம் நியாயமான குறைகள். கூடை, தொப்பி, எஞ்சின் மூன்றும் வெளியூர்க்காரர் கண்ணில் படாது, உங்கள் வாடிக்கையாளர் கண்ணில் கண்டிப்பாகப் படும். இணைத்திருக்கும் படத்தில் உங்கள் எண்ணிலேயே வட்டம் போட்டிருக்கிறேன்.
>
> பச்சை வட்டம் எட்டு. கடைப் பெயர், அதன் கீழே வரும் வரி, எடை, உரிம எண், போன், இலைச் சின்னம் ஆறும் படத்துக்குள் வராது. அவற்றைப் படத்தின் மேல் நானே எழுத்துருவில் தட்டச்சு செய்வேன். படம் உருவாக்கும் செயலியில் தமிழ் எழுதச் சொன்னால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்விடும். தட்டச்சு செய்தால் நாளைக்கு போன் எண் மாறினாலும் ஒரு நிமிடத்தில் மாற்றலாம். காலை வெளிச்சமும் மூடுபனியும்கூடப் பச்சைதான், நீங்கள் தயங்கவே வேண்டாம்.
>
> மஞ்சள் ஐந்து. ஆறாவது விரல், கூடை, தொப்பி, ஓரத்துப் பலகை, ஒட்டிப்போன மரங்கள். ஒவ்வொன்றையும் அந்த இடத்தை மட்டும் வெட்டி மறுபடி வரைய வேண்டும். ஒரே தடவையில் சரியாக வராது, பத்துப் பன்னிரண்டு வரைந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். மூன்று நாள் கொடுங்கள். பலகையில் எழுத்து வேண்டாம், பலகையையே எடுத்துவிடலாம் என்பது என் யோசனை.
>
> சிவப்பு நான்கு. இதில் உங்கள் முடிவு வேண்டும்.
>
> முகத்தை நம் பக்கம் திருப்புவது: படத்தில் அந்தப் பெண்ணின் ஒரு பக்க முகம் மட்டும்தான் இருக்கிறது, மறு பக்கம் வரையப்படவே இல்லை. திருப்பினால் வருவது வேறொரு பெண். உடம்பும் கையும் அதற்கேற்ப மாறும், விரலும் பையும் மறுபடி முதலிலிருந்து. நேராகப் பார்க்கும் முகம்தான் வேண்டும் என்றால், உங்களிடம் கொழுந்து பறிக்கிறவர் யாராவது சம்மதித்தால் அவரையே புகைப்படம் எடுக்கலாம். ஒரு காலை நேரம் போதும், நான் வருகிறேன்.
>
> மேலிருந்து ட்ரோனில் எடுத்த மாதிரி வேண்டும் என்பது: அது இந்தப் படத்தின் திருத்தம் இல்லை, புதுப் படம். பாக்கெட்டில் படத்துக்கு இருக்கும் உயரம் ஏழேகால் சென்டிமீட்டர்தான். மேலிருந்து பார்த்தால் பெண் எறும்பளவு ஆகிவிடுவார். இதை விட்டுவிடலாம் என்று சொல்வேன்.
>
> எஞ்சினும் ரங்கசாமி மலையும்: இரண்டையும் செயலி தானாக வரையாது. மலையின் பெயரை எழுதினால் ஏதோ ஒரு மலை வரும், உங்கள் மலை வராது. இரண்டுக்கும் உண்மையான புகைப்படத்தை வெட்டி வைக்க வேண்டும், அது நடக்கும். ஆனால் ரயில் ஓடுவது குன்னூர்ப் பக்கம், மலை இருப்பது உங்கள் பக்கம். இரண்டும் சேர்ந்து தெரியும் இடம் கிடையாது. பாக்கெட்டில் ஊர்ப் பெயர் இருப்பதால் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?
>
> கடைக்கு முன்னால் வைக்கும் ஆறடிக்கு நாலடி ஃப்ளெக்ஸுக்கும் இதே படம் என்றீர்கள். பாக்கெட்டுக்கு இந்த அளவு போதும். ஃப்ளெக்ஸுக்குப் பெரிதாக்க வேண்டும், பெரிதாக்கும்போது முகம் மெழுகு பூசிய மாதிரி ஆகும். ஆகவே அதற்குப் பெண் சிறியதாகவும் தோட்டம் பெரியதாகவும் வரும்படி தனியாக அமைத்துத் தருகிறேன்.
>
> ஒரே ஒரு வேண்டுகோள். சிவப்பு நான்குக்கும் உங்கள் முடிவு வந்த பிறகுதான் மஞ்சளைத் தொடுவேன். முகம் திருப்பலாம் என்று பின்னால் முடிவானால் விரலும் பையும் வீணாகிவிடும்.

இரண்டு படத்தை ஒட்டிய அந்தச் சால்வைக் கோப்பையும் சேர்த்து அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் அக்கா கூப்பிட்டார். "சால்வைப் படத்தைப் பார்த்ததும் வெளங்கிருச்சு தம்பி. ஒண்ணைத் தொட்டா ஊரே நகருது" என்றார். முகம் இருக்கிறபடியே இருக்கட்டும், ட்ரோன் வேண்டாம். ரயில் போகட்டும், மலை இருக்கட்டும்.

என் மூன்று மணி நேர எஞ்சினை அழிக்க ஐந்து நிமிடம் ஆனது. அந்த இடத்தை மாஸ்க் போட்டு, தேயிலைச் சரிவு என்று மட்டும் எழுதி, 0.9இல் ஓட்டியதும் இரண்டாவது முயற்சியிலேயே செடிகள் வந்துவிட்டன. ஒன்றை வைப்பதைவிட எடுப்பது எவ்வளவு சுலபம் என்பதற்கு அதுவே அளவு. சுற்றிலும் இருப்பதையே நீட்டி நிரப்பினால் போதும்.

மஞ்சளில் கூடைதான் என்னைப் படுத்தியது. முதலில் கூடையின் ஓரத்தை ஒட்டியே அளவாக மாஸ்க் போட்டேன், எண் 0.5. வந்தது கூடை வடிவத்திலேயே துணி சுற்றிய ஒரு பொருள், ஊறுகாய்ப் பானை மாதிரி. காரணம் இரண்டு. எண் குறைவாக இருந்தால் கூடையின் வண்ணமும் நிழலும் அடியில் தங்கிவிடும். மாஸ்க் இறுக்கமாக இருந்தால் புதுப் பொருளுக்கு இருக்கும் இடமே பழைய பொருளின் வடிவம்தான். பை என்பது தொங்க வேண்டும், பிதுங்க வேண்டும், முதுகில் ஒட்டிப் படிய வேண்டும். அதற்கு இடம் விட்டாக வேண்டும். மாஸ்க்கை முதுகு முழுவதும், இடுப்புக்குக் கீழே நாலு விரல்கடை வரையும், தோளில் விழுந்த கூடையின் நிழலையும் சேர்த்துப் பெரிதாக்கினேன். எண்ணை 0.8க்கு ஏற்றினேன். நிழலை மாஸ்க்கில் சேர்க்க மறந்தால், பையின் பக்கத்தில் பழைய கூடையின் நிழல் அநாதையாக நிற்கும். பார்ப்பவருக்கு எது தப்பு என்று சொல்லத் தெரியாது, ஏதோ தப்பு என்று மட்டும் தோன்றும். ஏழாவது முயற்சியில் நல்ல பை வந்தது. அடியில் பாரம் இறங்கி, வாய்ப்பக்கம் கொழுந்து எட்டிப் பார்க்கிற பை.

விரலுக்குப் பதினோரு முயற்சி. ஐந்து விரல் என்பது நாலாவதிலேயே வந்துவிட்டது, ஆனால் எண்ணிக்கை சரியாக இருப்பது போதாது. அதில் கட்டைவிரல் சுண்டுவிரல் பக்கம் இருந்தது. இன்னொன்றில் செடியைக் கொத்தாகப் பிடித்துப் பிடுங்குவது மாதிரி கை மூடியிருந்தது. இரண்டு இலை, ஒரு மொட்டு, அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கிள்ள வேண்டும். அது தெரியாமல் அழகான கையைத் தேர்ந்தெடுத்தால், தேயிலைக்காரர் பாக்கெட்டிலேயே தப்பான பறிப்பைக் காட்டிய பெருமை சேரும். பதினோராவதில் விரல் நுனிகள் சேர்ந்திருந்தன, இலை மட்டும் மூன்று இருந்தது. ஒரு இலையை நானே அழித்தேன்.

இதற்கெல்லாம் நான் பிடிவாதமாகக் கடைப்பிடித்த ஒரு முறை உண்டு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் முதல் படத்திலிருந்தே தொடங்குவேன், முந்தைய திருத்தத்தின் விளைவிலிருந்து தொடங்க மாட்டேன். விளைவிலிருந்து திருத்தமான பகுதியை மட்டும் வெட்டி, மூலத்தின் மேல் லேயராக வைப்பேன். செயலி படத்தை வாங்கும்போது அதைத் தனக்குள் சுருக்கி, வேலை முடிந்ததும் விரித்துத் தருகிறது. அந்தச் சுருக்கலில் ஒவ்வொரு தடவையும் நுணுக்கம் கொஞ்சம் கரையும். ஒன்றின் மேல் ஒன்றாக ஏழெட்டுத் தடவை ஓட்டினால், மாஸ்க்கின் ஓரத்தில் மாட்டும் தேயிலை இலைகூடக் குழைந்து, நிறம் ஏறி, கீரை மசியல் மாதிரி ஆகிவிடும். இந்த முறையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அது கடைசியில்தான் தெரிந்தது.

மலைக்கு அக்காவே போனில் எடுத்த படம் அனுப்பினார். உச்சி வெயிலில் எடுத்தது, தெளிவில்லை. தெளிவு தேவையும் இல்லை. எனக்கு வேண்டியது மேல்கோடு மட்டும், ஊர்க்காரர் மலையை அடையாளம் காண்பது அந்தக் கோட்டில்தான். கோட்டோடு வெட்டி, உள்ளே வெளிறிய நீலம் நிரப்பி, லேசாக மங்கலாக்கி வைத்தேன். தூரத்து மலையைக் கூர்மையாக வைத்தால் அட்டையில் வெட்டி நிறுத்திய மாதிரி இருக்கும். அடிவாரத்தில், பழைய மலையும் புது மலையும் சேரும் இடத்தில் மூடுபனியை இறக்கினேன். பனி பச்சை வட்டத்தில் இருந்தது, சிவப்பின் ஒட்டை மூடியதும் அதுதான்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. பாக்கெட்டின் முகப்பு 10 சென்டிமீட்டர் அகலம், வெட்டுக்காக இரண்டு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதல். 1216 புள்ளியை 10.6 சென்டிமீட்டரில் பரப்பினால் அங்குலத்துக்கு 291 வருகிறது. அச்சகம் கேட்பது 300, கிட்டத்தட்ட வந்துவிட்டதால் இது போதும். ஃப்ளெக்ஸில் ஆறடி என்றால் 72 அங்குலம், அங்குலத்துக்கு 17 புள்ளிதான். நாலு மடங்கு பெரிதாக்கி 68க்குக் கொண்டுவந்தேன். சாலையில் போகிறவர் பத்தடி தள்ளிப் பார்க்கும் பலகைக்கு அது போதும். பெரிதாக்கும் செயலி இல்லாத நுணுக்கத்தைத் தானாகக் கற்பனை செய்கிறது. இலையில் அது தெரியாது, கன்னத்தில் தெரியும்.

முதல் அச்சுப் படி வந்தபோது பச்சை செத்துப்போயிருந்தது. திரையில் பளபளக்கும் அந்த இளம்பச்சையை நான்கு வண்ண மையில் கொண்டுவர முடியாது. இது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வலிக்கிறது. மஞ்சளைக் கொஞ்சம் ஏற்றி, சுற்றியுள்ள நிழலைக் கருக்கினேன். பக்கத்தில் கருமை இருந்தால் மங்கிய பச்சையும் உயிரோடு தெரியும்.

அக்கா அந்தப் படியைத் தோட்டத்தில் காட்டியிருக்கிறார். கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "பை நல்லாருக்கு. ஆனா பட்டை துண்டுக்கு உள்ள போகுதே, தலை வலிக்காதா?"

எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். பையின் பட்டை, தொப்பிக்குப் பதில் நான் வரைந்த தலைத்துண்டின் மேல் அழுந்த வேண்டும், தலைக்கு மெத்தையாக இருப்பதற்குத்தான் துண்டே. என் படத்தில் பட்டை துண்டுக்கு அடியில் நுழைந்து மறைந்தது. பையை ஒரு துண்டாகவும் தலைத்துண்டை இன்னொரு துண்டாகவும் தனித்தனியே மூலத்திலிருந்து வரைந்து, தலைத்துண்டை மேல் லேயராக வைத்ததன் பலன். லேயர் வரிசையை மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்து மாற்றினேன். பட்டை மேலே வந்தது, அதோடு பழைய கூம்புத் தொப்பியின் ஓரமும் வந்தது. பையை வரைந்தபோது மூலத்தில் தொப்பி இன்னும் இருந்ததல்லவா.

இரண்டும் தொடும் இடத்தை, காதிலிருந்து உச்சி வரை, ஒரே மாஸ்க்காகப் போட்டேன். இரண்டு லேயரும் சேர்ந்த நிலையைப் புதிய மூலமாக எடுத்து, பட்டையை நானே பிரஷ்ஷால் துண்டின் மேல் முரட்டுத்தனமாக வரைந்து, அதன் மேல் 0.4இல் ஓட்டினேன். மூன்றாவது முயற்சியில் பட்டை துண்டை அழுத்தி, இரண்டு பக்கமும் துணி சுருங்கி நின்றது. இரண்டாவது படியை அக்கா மறுபடி தோட்டத்துக்கு எடுத்துப் போனார். சாயங்காலம் அச்சுக்குப் போகலாம் என்று செய்தி வந்தது.